கோதுமை மாவு: அரைப்பதா, வாங்குவதா?

வருஷம் முழுவதற்கும் வேண்டிய சப்பாத்தி மாவைக் கோதுமை வாங்கி அரைத்துக்கொள்வது மலிவா, பொட்டலமாக வாங்குவது மலிவா? நம் வீட்டில் வருஷத்துக்கு 120 கிலோ மாவு செலவாகிறபடியால் கணக்கிட்டுப் பார்த்தோம்.

பத்துக் கிலோ கோதுமை, கிலோ 42 ரூபாய் வீதம், 420 ரூபாய். அரைவைக் கூலி 80. ஆக 500 ரூபாய். ஆனால் கல்லும் தூசும் நீக்கியதிலும், யந்திரத்தில் சிந்தியதிலும் 400 கிராம் போயிற்று. கைக்கு வந்த மாவு 9.6 கிலோதான், எனவே கிலோ 52 ரூபாய் அடக்கம். பொட்டல மாவோ 58 ரூபாய். வருஷத்தில் சுமார் 700 ரூபாய் மிச்சம்!

இந்த மிச்சத்தைச் சல்லடை விழுங்கிவிடக்கூடும். சப்பாத்தி வெளுப்பாயிருக்க வேண்டுமென்று ஒரு கிலோ தவிட்டைச் சலித்து எறிந்தோமானால், எஞ்சுவது 8.6 கிலோ, அடக்க விலையும் 58 ரூபாயாகிவிடும்.

வருஷத்து மாவை ஒரே நாளில் அரைத்து வைப்பதும் தவறு. கோதுமையின் முளையிலுள்ள எண்ணெய் மாவில் கலந்து, ஓரிரு மாதங்களில் கெட்டுக் கசக்கும். கோதுமையாகவே நன்கு காயவைத்து, காற்றுப் புகாமல் மூடிவைத்தால் வருஷம் தாங்கும். மாதம் ஒரு முறை அரைத்து, சூடு ஆறிய பின்னரே டின்னை மூட வேண்டும். இல்லையேல் உள்ளே வேர்த்து மாவு கட்டி தட்டிவிடும்.