நிகழ்வெண் அட்டவணையிலிருந்து ஹஃப்மன் மரம்

ஆறு வகை எழுத்துகள் மட்டுமே வரும் ஓர் உரையைக் கணினியில் சேமிக்க, எழுத்துக்கு மூன்று பிட்டுகள் போதும். மூன்று பிட்டுகளால் எட்டு வேறுபட்ட குறியீடுகளை அமைக்கலாம். ஆறுக்கு அது தாராளம். உரையில் 100 எழுத்துகள் இருந்தால் மொத்தம் 300 பிட்டுகள். ஆனால் அந்த ஆறு எழுத்துகளும் சம அளவில் வருவதில்லை. ஒன்று முப்பத்தெட்டு முறை வரும். இன்னொன்று நான்கே முறை வரும். அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியீடும் அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடும் கொடுத்தால் மொத்தம் குறையும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்த எழுத்தின் குறியீடும் மற்றொன்றின் குறியீட்டுக்குத் தொடக்கமாக இருக்கக் கூடாது. அப்போதுதான் இடைவெளியே இல்லாமல் ஓடும் 0, 1 வரிசையில் ஓர் எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று ஐயமின்றிச் சொல்ல முடியும். இந்த நிபந்தனைக்கு உட்பட்டது முன்னொட்டுக் குறியீடு.

இப்படி அமையும் குறியீடுகளுள் மொத்தப் பிட்டுகளை மிகக் குறைப்பது எது என்பது 1951 வரை தீராத கேள்வியாக இருந்தது. ராபர்ட் ஃபேனோ எழுத்துகளை ஏறத்தாழச் சம எடையுள்ள இரு கூறுகளாக மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே போகும் வழியை முன்வைத்திருந்தார். நல்ல வழிதான், ஆனால் எல்லா அட்டவணைகளுக்கும் அது மிகக் குறைந்த விடையைத் தருவதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபேனோவிடம் படித்த டேவிட் ஹஃப்மன், 1951இல் இறுதித் தேர்வுக்குப் பதிலாக எழுதிய ஆய்வுக் கட்டுரைக்காக இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு திசையையே மாற்றினார். மரத்தை வேரிலிருந்து பிரிக்காமல், இலைகளிலிருந்து சேர்த்துக்கொண்டு போனார். 1952இல் வெளியான அந்த முறையே இன்றும் பாடமாக இருக்கிறது.

வகுப்பிலும் தேர்விலும் இந்தக் கணக்கு ஓர் அட்டவணையாக வருகிறது. கரும்பலகையில் எழுதியதையோ வினாத்தாளில் அச்சானதையோ கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதைப் பார்த்து மரம் வரைவது மாணவர்களின் வழக்கம். அப்படி ஒரு படத்தில் உள்ள அட்டவணை இது என்று கொள்வோம்: க 38, ட 7, த 11, ப 19, ம 4, ர 21. கீழே மொத்தம் 100 என்று எழுதியிருக்கிறது.

முறை எளியது. இருப்பவற்றுள் மிகச் சிறிய இரண்டு எண்களை எடுத்துக் கூட்டி, அந்தக் கூட்டலை ஒரு புதிய கணுவாக அவற்றின் மேலே எழுதி, மற்ற எண்களோடு வரிசையில் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒன்றே ஒன்று எஞ்சும் வரை இதையே தொடர வேண்டும். முதலில் ம 4, ட 7 இரண்டும் சேர்ந்து 11 ஆகின்றன. இப்போது இருப்பவை 11, த 11, ப 19, ர 21, க 38. சிறிய இரண்டும் 11. அவை சேர்ந்து 22.

பிழை பெரும்பாலும் நேர்வது அடுத்த படியில்தான். கை இதுவரை வளர்த்த கிளையையே பிடித்துக்கொண்டு, 22உடன் அடுத்த சிறிய எண்ணான 19ஐச் சேர்க்கப் போகும். அது தவறு. இப்போது வரிசையில் இருப்பவை 19, 21, 22, 38. இவற்றுள் சிறிய இரண்டு 19ம் 21ம். 22 அவற்றைவிடப் பெரியது. அது காத்திருக்க வேண்டும். ஆகவே ப, ர இரண்டும் தனியாகச் சேர்ந்து 40 என்ற வேறொரு கிளையைத் தொடங்குகின்றன. அதன் பிறகு 22ம் க 38ம் சேர்ந்து 60. கடைசியில் 40ம் 60ம் சேர்ந்து 100, அதுவே வேர். ஆறு எழுத்துகளுக்கு ஐந்து சேர்க்கைகள். எத்தனை எழுத்துகள் இருந்தாலும் அதைவிட ஒன்று குறைவாகவே சேர்க்கைகள் இருக்கும். எண்ணிக்கை வேறுபட்டால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

வேரிலிருந்து இறங்கும்போது இடப்பக்கக் கிளைக்கு 0, வலப்பக்கக் கிளைக்கு 1 என்று இட்டால் குறியீடுகள் கிடைக்கின்றன. 40ஐ இடப்பக்கம் வைத்து வரைந்தால் ப என்பது 00, ர என்பது 01. வலப்பக்கத்தில் க என்பது 11, த என்பது 101, ம என்பது 1000, ட என்பது 1001. ‘படர’ என்ற சொல் 00100101 ஆகிறது. அதைத் திரும்பப் படிக்க, வேரில் தொடங்கி ஒவ்வொரு பிட்டாக இறங்கி, இலையைத் தொட்டதும் எழுத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி வேருக்கு வந்தால் போதும். 00 என்றதும் ப. 1001 என்றதும் ட. 01 என்றதும் ர. எழுத்துகள் எல்லாம் இலைகளில் மட்டுமே இருப்பதால் ஒரு குறியீடு இன்னொன்றின் தொடக்கமாக அமைய வழியே இல்லை. இடது, வலது என்பதை மாற்றி வரைந்தால் குறியீடுகள் மாறும். அவற்றின் நீளம் மாறாது.

மொத்தப் பிட்டுகளை இரண்டு வழிகளில் கணக்கிடலாம். ஒன்று, ஒவ்வோர் எழுத்தின் நிகழ்வெண்ணையும் அதன் குறியீட்டு நீளத்தால் பெருக்கிக் கூட்டுவது. க, ர, ப மூன்றும் இரண்டிரண்டு பிட்டுகள்: 76, 42, 38. த மூன்று பிட்டுகள்: 33. ட, ம நான்கு பிட்டுகள்: 28, 16. கூட்டினால் 233. இரண்டாவது வழி இன்னும் சுருக்கம்: சேர்க்கும்போது பிறந்த எண்களை மட்டும் கூட்டினால் போதும். 11, 22, 40, 60, 100 ஆகியவற்றின் கூட்டலும் 233 தான். இது தற்செயல் அல்ல. ஓர் எழுத்து மரத்தில் எத்தனை படி கீழே இருக்கிறதோ, அத்தனை கணுக்கள் அதற்கு மேலே இருக்கின்றன. அந்தக் கணுக்கள் ஒவ்வொன்றிலும் அதன் நிகழ்வெண் ஒரு முறை அடங்கியிருக்கிறது. ஆகவே கணுக்களைக் கூட்டும்போது நிகழ்வெண்ணும் நீளமும் தாமாகவே பெருகிவிடுகின்றன. மரத்தைப் படமாக வரையாமலே, குறியீடுகளை எழுதாமலே விடை கிடைத்துவிடும். இரண்டு வழிகளும் ஒத்துவராவிட்டால் கூட்டலிலோ நீளங்களை எண்ணியதிலோ பிழை இருக்கிறது என்று பொருள்.

300 பிட்டுகள் 233 ஆகின்றன. 22உடன் 19ஐச் சேர்க்கும் அந்தத் தவறான வழியில் போயிருந்தால் கணுக்கள் 11, 22, 41, 62, 100 என்று ஒற்றைச் சங்கிலியாக வளர்ந்து 236 வரும். அதுவும் ஒழுங்கான முன்னொட்டுக் குறியீடுதான். பிழையின்றித் திரும்பப் படிக்கவும் முடியும். ஆனால் மிகக் குறைந்தது அல்ல. சமமான எண்கள் வரும்போது எதை எடுப்பது என்ற தயக்கத்துக்கு மட்டும் இடமில்லை. 5, 2, 2, 1, 1 என்ற நிகழ்வெண்களை எடுத்துக்கொண்டால், முதல் சேர்க்கைக்குப் பின் மூன்று இரண்டுகள் நிற்கும். எந்த இரண்டைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து நீளங்கள் 1, 3, 3, 3, 3 என்றும் வரலாம். 1, 2, 3, 4, 4 என்றும் வரலாம். மரங்கள் வேறு, மொத்தம் இரண்டிலும் 23.

மரத்துக்கு அடிப்படையான எண்கள் படத்திலிருந்து வந்தவை என்பதால், இதுவரை சொன்ன சரிபார்ப்புகளுக்கு எட்டாத ஒரு பிழையும் உண்டு. கையெழுத்தில் 7 என்பது 1 போலத் தெரிவது மிகச் சாதாரணம். மேலுள்ள அட்டவணையில் ட 7 என்பதை 1 என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சேர்க்கைகள் 5, 16, 35, 56, 94 என்று போகும், மொத்தம் 206. நீளங்களால் பெருக்கிப் பார்த்தாலும் அதே 206 வரும். இரண்டு வழிகளும் ஒத்துப்போகின்றன, விடை தவறு. கணக்கின் உள்ளே பிழை எதுவும் இல்லை. உள்ளே போன எண்ணில்தான் பிழை. இதைக் காட்டிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: வேரில் 100 வர வேண்டிய இடத்தில் 94 நிற்கிறது. அதனால்தான் படம் எடுக்கும்போது அட்டவணையின் அடியில் உள்ள மொத்தத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவருவது அவசியம். நிகழ்வெண்கள் விழுக்காடாக இருந்தால் முழு எண்ணாக்கியதால் 99 அல்லது 101 வரலாம். அதற்கு மேல் விலகினால் மறுபடி பார்க்க வேண்டும்.

தவறாகப் படித்த அந்த 1 பிறப்பித்த மரம், முன்பு சொன்ன ஒற்றைச் சங்கிலியேதான். அதைக் கொண்டு உண்மையான உரையைக் குறியீடாக்கினால் 236 பிட்டுகள் ஆகும். இழப்பு மூன்றே பிட்டுகள். மரம் கிட்டத்தட்டக் கெடவில்லை, ஆனால் அறிவித்த மொத்தமான 206 உண்மையிலிருந்து வெகுவாக விலகிவிட்டது.

இதற்கு நேர்மாறான பிழையும் படத்தால் நேரும். பலகையைச் சாய்வாகப் படம் பிடித்தால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றுக்கொன்று விலகித் தெரியும். அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின் எண்கள் இடம் மாறிவிடும். ப 4, ம 19 என்று எழுதிக்கொண்டால் எண்களின் தொகுப்பு மாறவில்லை. கூட்டல் 100, மொத்தப் பிட்டுகள் 233, எல்லாச் சரிபார்ப்பும் தேறிவிடும். மொத்தம் மட்டும் கேட்ட வினாவுக்கு விடையும் சரியே. ஆனால் பத்தொன்பது முறை வரும் ப எழுத்துக்கு நான்கு பிட்டுகளும், நான்கே முறை வரும் ம எழுத்துக்கு இரண்டு பிட்டுகளும் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் குறியீட்டால் உரையை எழுதினால் 263 பிட்டுகள். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கூட்டலும் உதவாது. மூல உரை கையில் இருந்தால் ஒரே ஓர் எழுத்தை எண்ணிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் படத்தில் ஒவ்வொரு வரியின் மேலும் ஓர் அளவுகோலை வைத்துப் படிப்பதுதான் வழி.

அட்டவணையில் இடைவெளியும் ஓர் எழுத்தாக இருக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். அதன் கட்டம் வெறுமையாகத் தெரிவதால் அதை நிரப்பாத வரி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பெரும்பாலான உரைகளில் மிக அதிகம் வரும் குறிகளுள் அது ஒன்று. தமிழ் உரைக்கு வேறொரு கேள்வியும் உண்டு. ‘கி’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது க என்ற எழுத்தும் இகரக் குறியும் ஆகிய இரண்டு குறிகள். அட்டவணையைத் தயாரித்தவர் எதை எண்ணினார் என்பது தெரியாமல், இரண்டு அட்டவணைகளின் மொத்தங்களை ஒப்பிட முடியாது.

233 என்ற எண் உரையின் பிட்டுகளை மட்டுமே சொல்கிறது. பெறுபவருக்கு மரமும் தெரிந்திருக்க வேண்டும். அதை அனுப்பவும் பிட்டுகள் செலவாகும். 100 எழுத்து உரையில் அந்தச் செலவு, மிச்சமான 67 பிட்டுகளை எளிதில் விழுங்கிவிடும். நீண்ட கோப்புகளில்தான் இந்த முறை பலன் தருகிறது. நடைமுறையில் முழு மரத்தையும் அனுப்பாமல், குறியீட்டு நீளங்களை மட்டும் அனுப்பி, அவற்றிலிருந்து இருபுறமும் ஒரே விதியால் குறியீடுகளை அமைத்துக்கொள்வார்கள். சிப் கோப்புகளில் நடப்பது அதுதான். வழக்கமான ஜேபெக் படத்திலும் அப்படியே: எத்தனை பிட்டு நீளத்தில் எத்தனை குறியீடுகள் உள்ளன என்ற சிறு பட்டியல் கோப்பின் முன்பகுதியிலேயே இருக்கிறது. ஜேபெக்காகச் சேமித்த அட்டவணைப் படமும் அப்படி ஒரு ஹஃப்மன் பட்டியலைக் கொண்டே திறக்கிறது.