சனிக்கிழமை அறிக்கையை எப்படிப் படிப்பது?
முதலீட்டுக் கழகத்தின் புதிய உறுப்பினர்களுக்குப் பொருளாளர் எழுதும் குறிப்பு

ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் அறிக்கை வரும். அதை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. வெள்ளிக்கிழமை மாலை 3.30-க்குப் பங்குச் சந்தை முடிந்தபின், நம் கழகத்தின் கூகுள் ஷீட் அன்றைய விலைகளை எடுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டு, மறுநாள் காலை தானாகவே அனுப்பிவிடுகிறது. தானாக வருவதால் தவறே இருக்காது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டல் கழித்தலில் ஷீட் தவறாது. ஆனால் அதற்குள் எதைப் போடுகிறோம், வெளியே வரும் எண்ணை என்னவென்று எடுத்துக்கொள்கிறோம் என்ற இரண்டு இடங்களிலும் தவறு நேரலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் கழகம் யாரிடமும் பணம் வசூலிப்பதில்லை. பிறர் பணத்தைத் திரட்டி முதலீடு செய்வது செபியின் விதிகளுக்கு உட்பட்ட வேலை. மாணவர் கழகம் அதில் இறங்கக் கூடாது. ஒவ்வோர் உறுப்பினரும் மாதம் 500 ரூபாய் போடுவதாகக் கணக்கில் மட்டும் எழுதுகிறோம். வாங்குவதும் விற்பதும் ஏட்டளவில்தான். ஆனால் விலைகள் தேசியப் பங்குச் சந்தையின் உண்மையான விலைகள். தரகுக் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை எல்லாவற்றையும் நிஜத்தில் போகும் அளவுக்கே கழிக்கிறோம். நாளை சொந்தப் பணத்தைப் போடும்போது கைகொடுக்கும் பழக்கம் இங்கே வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு கண்டிப்பு.

மொத்த மதிப்பைப் பார்க்காதீர்கள்

அறிக்கையின் முதல் வரியில் 'மொத்த மதிப்பு' இருக்கும். கண் முதலில் அங்கேதான் போகும். கழகம் எப்படி நடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

போன வெள்ளிக்கிழமை நம் போர்ட்ஃபோலியோவின் மதிப்பு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் பங்கு விலைகள் இறங்கி, அதே பங்குகளின் மதிப்பு 1,18,000 ஆகிவிட்டது. அதே வெள்ளிக்கிழமை 12 புதிய உறுப்பினர்கள் சேர்ந்து, ஆளுக்கு 500 வீதம் 6,000 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. சனிக்கிழமை அறிக்கையில் மொத்த மதிப்பு 1,24,000 என்று வரும். ஒரே வாரத்தில் 4,000 ரூபாய் கூடியிருக்கிறது, அதாவது 3.3 சதவீதம். பார்ப்பவர் லாபம் என்றுதான் சொல்வார். உண்மையில் கழகம் அந்த வாரம் 2,000 ரூபாய் இழந்திருக்கிறது. உண்டியலில் நாமே காசைப் போட்டுவிட்டு, உண்டியல் வருமானம் தந்தது என்று சொல்ல முடியாது அல்லவா?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் யூனிட் முறை. மியூச்சுவல் ஃபண்டில் என்.ஏ.வி. என்று சொல்வதும் இதைத்தான். போன வாரம் நம்மிடம் 10,000 யூனிட்கள் இருந்தன என்றால், 1,20,000-ஐ அதனால் வகுக்க, ஒரு யூனிட் 12 ரூபாய். இந்த வாரம் புதுப் பணத்தைச் சேர்க்கும் முன்பே 1,18,000-ஐ 10,000-ஆல் வகுத்துவிட வேண்டும். யூனிட் மதிப்பு 11.80. புதியவர்களுக்கு இந்த விலையில்தான் யூனிட் கொடுக்கிறோம். 500 ரூபாய்க்கு ஒருவருக்கு 42.37 யூனிட் கிடைக்கும்; 12 பேருக்குமாகச் சுமார் 508. இப்போது மொத்தம் 10,508 யூனிட்கள், மொத்த மதிப்பு 1,24,000. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் 11.80 தான் வரும். புதுப் பணம் வந்ததால் யூனிட் மதிப்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 12-லிருந்து 11.80-க்கு வந்ததுதான் அந்த வாரத்தின் உண்மை: 1.67 சதவீத இறக்கம்.

வரிசை மாறினால் கணக்கே கெட்டுவிடும். முதலில் விலை, பிறகு யூனிட் மதிப்பு, கடைசியில் புதுப் பணம். இந்த வாரம் சேர்ந்தவர்களுக்குப் போன வாரத்து 12 ரூபாய் விலையில் யூனிட் கொடுத்தால், அவர்கள் வருவதற்கு முன் நடந்த இழப்பில் ஒரு பங்கு அவர்கள் தலையில் விழும். சந்தை ஏறிய வாரமாக இருந்தால் பழைய உறுப்பினர்களின் லாபத்தில் ஒரு துண்டு புதியவர்களுக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில், 1980-களில் சில பெண்கள் சேர்ந்து ஒரு முதலீட்டுக் கழகம் தொடங்கினார்கள். 1984 முதல் 1993 வரையிலான பத்து ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 23.4 சதவீதம் வருமானம் ஈட்டியதாக அறிவித்தார்கள். அவர்கள் எழுதிய புத்தகம் பல லட்சம் பிரதிகள் விற்றது. 1998-ல் ஒரு சிகாகோ பத்திரிகை அந்த எண்ணைக் கேள்விக்கு உள்ளாக்கியது. உறுப்பினர்கள் செலுத்திய சந்தாவும் வருமானத்தோடு சேர்ந்திருந்தது தெரியவந்தது. பிறகு பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனம் தணிக்கை செய்தபோது உண்மையான வருமானம் ஆண்டுக்கு 9.1 சதவீதம் என்று வந்தது. அதே காலத்தில் அமெரிக்கச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 14.9 சதவீதம் தந்திருந்தது. அவர்கள் யாரையும் ஏமாற்றக் கிளம்பியவர்கள் அல்லர். போட்ட பணத்தையும் விளைந்த பணத்தையும் பிரிக்காமல் பார்த்ததன் விளைவு அது. ஆகவே அறிக்கை வந்ததும் இரண்டாம் வரிக்குப் போங்கள். 'யூனிட் மதிப்பு' அங்கேதான் இருக்கிறது.

ஒரு பங்கு திடீரென்று பாதியானால்

அடுத்த பகுதியில் ஒவ்வொரு பங்கின் விலையும் எண்ணிக்கையும் வரிசையாக இருக்கும். விலை தானாக வருகிறது. எண்ணிக்கையைப் பொருளாளர் கையால் எழுதுகிறார். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும் நேரம்தான் ஆபத்தானது.

ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் கொடுத்தது. அதற்கான பதிவு நாள் 2024 அக்டோபர் 28. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பங்கின் விலை சுமார் 2,655 ரூபாய். திங்கட்கிழமை அது சுமார் 1,335 ஆனது. நிறுவனத்துக்கு ஒன்றும் நேரவில்லை. பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானதால் ஒன்றின் விலை பாதியானது, அவ்வளவுதான். ஒரு கழகத்தின் ஷீட்டில் 10 பங்குகள் இருந்து, அதை 20 என்று யாரும் மாற்றவில்லை என்றால், 26,550 ரூபாயாக இருந்தது 13,350 என்று காட்டும். போர்ட்ஃபோலியோ 1,20,000 ரூபாய் என்றால், ஒரே நாளில் 11 சதவீதம் இழந்தது போலத் தெரியும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. குறியீடு அமைதியாக இருக்கும்போது ஒரே ஒரு பங்கு மட்டும் ஏறக்குறையச் சரியாகப் பாதியாகவோ, ஐந்தில் ஒன்றாகவோ, பத்தில் ஒன்றாகவோ இறங்கியிருந்தால், முதலில் போனஸையும் பங்குப் பிரிப்பையும் சந்தேகியுங்கள். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் நிறுவன அறிவிப்புகள் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கும். இதற்காகவே, வாரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் மாறிய எந்தப் பங்கையும் நம் ஷீட் மஞ்சள் நிறத்தில் காட்டும். எண்ணிக்கையைத் திருத்தும்போது வாங்கிய விலையையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பத்தியில் உள்ள லாபக் கணக்கு பொய்யாகிவிடும்.

டிவிடெண்டும் தானாக வராது. டிவிடெண்டுக்கான தேதியன்று பங்கின் விலையிலிருந்து அந்தத் தொகை ஏறக்குறையக் கழிந்துவிடும். பணமாக அது கைக்கு வர நாளாகும். அதை ரொக்கக் கணக்கில் எழுதாவிட்டால், சந்தை நமக்குக் கொடுத்ததை நாமே தொலைத்தது போல ஆகும்.

பூஜ்யத்தைவிடப் பிழையே மேல்

விலையைக் கொண்டுவரும் வரி இதுதான்:

```
=GOOGLEFINANCE("NSE:RELIANCE","price")
```

சில சமயம் விலை வராமல், `#N/A` என்று நிற்கும். பார்க்க அழகாக இல்லை என்று பலரும் இதை இப்படி மாற்றி எழுதுவார்கள்:

```
=IFERROR(GOOGLEFINANCE("NSE:RELIANCE","price"),0)
```

நம் ஷீட்டில் இதை யாரும் செய்யக் கூடாது. விலை வராத பங்கு பூஜ்யம் ரூபாய் என்று கணக்கில் ஏறிவிடும். மொத்தம் குறையும், யூனிட் மதிப்பு குறையும், அறிக்கை மட்டும் எந்தக் குறையும் இல்லாதது போல வந்து சேரும். அந்த வாரம் சேர்ந்த புதியவர்கள் மலிவு விலையில் கூடுதல் யூனிட் பெற்றுவிடுவார்கள். அடுத்த வாரம் விலை வந்துவிட்டாலும், கொடுத்த யூனிட் கொடுத்ததுதான். முதல் முறைப்படி விட்டால், ஒரு விலை வராதபோது மொத்தமும் `#N/A` ஆகும், அறிக்கை போகாது. பொருளாளர் விலையைப் பார்த்து நிரப்பிய பிறகு சனிக்கிழமைக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை வரும். அதில் நஷ்டமில்லை.

எதோடு ஒப்பிடுவது?

கடைசி வரியில் நிஃப்டி 50 இருக்கும். செய்திகளில் வரும் நிஃப்டி பங்குகளின் விலையை மட்டுமே பார்க்கிறது, டிவிடெண்டைச் சேர்ப்பதில்லை. நாமோ டிவிடெண்டைச் சேர்த்துக்கொள்கிறோம். அதோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் நமக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். ஆகவே டிவிடெண்டையும் மறுமுதலீடு செய்ததாகக் கணக்கிடும் மொத்த வருமானக் குறியீட்டோடுதான் ஒப்பிடுகிறோம். மியூச்சுவல் ஃபண்டுகளும் 2018 பிப்ரவரி முதல் அப்படித்தான் ஒப்பிட வேண்டும் என்பது செபியின் விதி. அந்த எண் கூகுள் ஷீட்டுக்குத் தானாக வராது. நிஃப்டி குறியீடுகளின் இணையதளத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் எடுத்து எழுதுகிறோம்.

ஒரு வாரத்து ஏற்ற இறக்கத்தை வைத்து யாரையும் பாராட்டவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம். ஓராண்டு யூனிட் மதிப்பையும் ஓராண்டு குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் கழகத்தின் கணக்குதான். 11.80-ல் நுழைந்தவருக்கும் 10-ல் நுழைந்தவருக்கும் தனித்தனி லாப நஷ்டம் உண்டு. உங்கள் நுழைவு விலை உங்கள் பெயருக்கு நேரே இருக்கும்.

இந்தச் சனிக்கிழமை அறிக்கை வந்ததும் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். மொத்த மதிப்பை யூனிட் எண்ணிக்கையால் நீங்களே வகுத்துப் பாருங்கள். மஞ்சளாக இருக்கும் பங்கு எதுவானாலும் அதன் அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். உங்கள் 500 ரூபாய்க்கு எத்தனை யூனிட், எந்த விலையில் கிடைத்தது என்று சரிபாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அன்றே எனக்கு எழுதுங்கள். கணக்கைக் கேட்பது உறுப்பினரின் உரிமை. பதில் சொல்வது பொருளாளரின் கடமை.