கோடை இரவுக்கு ஏற்ற விரிப்பு: பெர்கேலும் சாட்டீனும்

நாகபுரியில் உள்ள ஒரு மாணவர் விடுதிக்குக் கோடைக்கு முன்னர் பருத்திப் படுக்கை விரிப்புகள் வாங்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். கடைக்காரர் இரு வகைகளை எடுத்து வைக்கிறார். ஒன்று பளபளப்பின்றிச் சற்று மொரமொரப்பாக இருக்கிறது. அதன் பெயர் பெர்கேல். மற்றொன்று மினுமினுப்பாகக் கையில் வழுக்குகிறது; அதன் பெயர் சாட்டீன். தொட்ட மாத்திரத்தில் சாட்டீனே குளிர்ச்சியாகத் தோன்றுகிறது. ஆகவே அதனையே வாங்கத் துணிகிறோம். ஆனால் மே மாதத்தில் அதன் மீது படுத்த மாணவர்கள் நள்ளிரவில் முதுகு நனைந்து எழுந்து உட்காருகிறார்கள். கையின் தீர்ப்பு ஏன் பிழையாயிற்று என்பதை இங்கே ஆராய்வோம்.

நெசவின் வேறுபாடு

இரண்டும் பருத்தியே. ஈரத்தை உறிஞ்சும் இயல்பு இரண்டுக்கும் பொது. வேறுபாடு நூல்கள் பின்னப்பட்ட முறையில்தான் இருக்கிறது.

பெர்கேல் நெருக்கமாக நெய்யப்பட்ட சாதா நெசவாகும். ஒவ்வொரு பாவு நூலும் ஓர் ஊடை நூலின் மேலும், அடுத்ததன் கீழுமாக மாறி மாறிச் செல்லுகிறது. சாட்டீனில் ஒரு நூல் நான்கு நூல்களின் மேல் தடையின்றி மிதந்து சென்று, ஐந்தாவதன் கீழ் ஒரு முறை புகுகிறது. துகிலியல் நூல்கள் ஊடை மேலோங்கிய துணியையே சாட்டீன் என்று கூறும். விரிப்பு வாணிகத்திலோ பாவு மேலோங்கியதும் அப்பெயராலேயே விற்கப்படுகிறது. நமது ஆராய்ச்சிக்கு இவ்வேறுபாடு முக்கியமன்று. மேற்புறத்தில் நீண்ட நூல்கள் மிதந்து கிடக்கின்றன என்பதே முக்கியம். அவை ஒளியை ஒரே திசையில் திருப்புவதால் மினுமினுப்பு உண்டாகிறது.

ஒரு சதுர அங்குலத்தின் கணக்கு

நமது இரு விரிப்புகளையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பெர்கேல் 40ஆம் நம்பர் நூலால் ஆனது. அங்குலத்துக்கு 110 பாவு நூலும் 90 ஊடை நூலும் கொண்டது. சாட்டீன் அதனினும் மெல்லிய 60ஆம் நம்பர் நூலால் ஆனது. அங்குலத்துக்கு 180 பாவும் 120 ஊடையும் கொண்டது. கடைக்காரர் இவற்றை 200, 300 என்று நூல் எண்ணிக்கையால் குறிப்பிடுவார்.

40ஆம் நம்பர் நூல்களை ஒன்றையொன்று தொடும்படி அடுக்கினால் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 177 நூல்கள் அடங்கும். 60ஆம் நம்பர் நூல்களாயின் 217 அடங்கும். இதிலிருந்து நூல்களுக்கிடையே எஞ்சும் சந்துகளின் பரப்பைக் கணக்கிடலாம். பெர்கேலில் அது துணியின் பரப்பில் சுமார் 19 சதவீதம். சாட்டீனில் சுமார் 8 சதவீதம். நூல் தறியில் சற்று நசுங்கித் தட்டையாவதால் உண்மை அளவு இரண்டிலும் இதனினும் குறைவாகவே இருக்கும். ஆயினும் ஒப்பீடு மாறாது. வியப்புக்குரியது என்னவெனில், இவ்விரு துணிகளும் எடையில் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் துணியைக் கையில் தூக்கிப் பார்த்து இவ்வேறுபாட்டை அறிய இயலாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் அவசியம். சாட்டீன் நெசவே காற்றைத் தடுப்பது என்று பலர் கூறுவர், அது சரியன்று. ஒரே நூலை ஒரே நெருக்கத்தில் இரு முறையிலும் நெய்தால், மிதக்கும் நூல்கள் இடம் விட்டு விலகக்கூடியவையாதலால், பொதுவாகச் சாட்டீனின் வழியேதான் காற்று எளிதில் செல்லும். ஆனால் அத்தகைய துணி தளர்ந்து, நூல்கள் நழுவிப் போகும். அதனைத் தவிர்க்கவே ஆலைகள் சாட்டீனை மிக நெருக்கமாக நெய்கின்றன. பின்னல் குறைவாக இருப்பதால் நூல்களை நெருக்குவதும் எளிதாகிறது. எனவே புழுக்கத்துக்குக் காரணம் நெசவின் பெயரன்று, நூல்களின் நெருக்கமே.

கை ஏன் ஏமாறுகிறது?

சாதா நெசவின் மேற்பரப்பு சிறு சிறு மேடுகளால் ஆனது. உடல் அம்மேடுகளின் உச்சியை மட்டுமே தொடுகிறது. இடையிடையே காற்று நிற்கிறது. சாட்டீனின் வழவழப்பான பரப்போ தோலுடன் பெரிதும் ஒட்டிக்கொள்ளுகிறது. தொட்ட முதல் கணத்தில் உடலின் உஷ்ணம் அதன் வழியே விரைவாக வெளியேறுவதால் குளிர்ச்சி தோன்றுகிறது. சிறிது நேரத்தில் துணியும் உடலளவு சூடேறிவிடும். அதன் பின்னர் அந்தக் குளிர்ச்சி இல்லை. வியர்வை அரும்பியதும் அதே ஒட்டுதல் தொல்லையாக மாறுகிறது. நனைந்த பரப்பு முதுகோடு படிந்து, காற்று புக வழியின்றிப் போகிறது.

உடலுக்கு அடியில் விரிப்பதற்கும் மேலே போர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டையும் கருதவேண்டும். அடியில் இருப்பது மெத்தையின் மீது கிடப்பதால் அதன் வழியே காற்று அதிகம் ஊடுருவ இயலாது. அங்கே மேடுபள்ளமான பரப்பே உதவுகிறது. மேலே போர்த்தும் துணியிலோ சந்துகளே முக்கியம். விசிறியின் காற்று அவற்றின் வழியே புகுந்து வியர்வையை ஆவியாக்குகிறது. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்து, வியர்வை எளிதில் ஆவியாகாத நாட்களில் இந்தக் காற்றோட்டம் மேலும் இன்றியமையாதது. ஆனால் ரப்பர் அல்லது நுரை மெத்தையின் வெப்பத்தை எந்த விரிப்பும் முழுதும் நீக்கிவிடாது.

உழைப்பு

மேற்கூறிய துண்டில் பெர்கேலின் ஒரு சதுர அங்குலத்தில் 9,900 இடங்களில் நூல்கள் ஒன்றையொன்று கட்டுகின்றன. சாட்டீனில் 21,600 சந்திப்புகள் இருந்தும் ஐந்தில் ஒன்றே கட்டு. ஆகவே 4,320 கட்டுகள்தாம் உண்டு. கால்நகம், மோதிரம், கட்டிலின் ஆணி ஆகியவற்றில் மிதக்கும் நூல் சிக்கி இழுபடுகிறது. நாளடைவில் உராய்வினால் மேற்பரப்பில் பிசிறு எழும்பி மினுமினுப்பு மங்குகிறது. தோள், இடுப்பு படும் இடங்களில் இது முதலில் தென்படும். பெர்கேல் உராய்வை நன்கு தாங்கும். துவைக்கத் துவைக்க மென்மையும் அடையும். அதற்கும் குறைகள் உண்டு. அது மிகவும் கசங்கும். மேலும் ஓரத்தில் ஒரு கிழிசல் கண்டால் அது விரைவில் ஓடும். சாட்டீனில் நூல்கள் நகர்ந்து ஒன்றுகூடிக் கிழிசலைத் தாங்குகின்றன. பெர்கேலில் அவை தனித்தனியே அறுபடுகின்றன. ஆதலால் பெர்கேல் வாங்கும்போது மடித்துத் தைத்த ஓரங்களைக் கவனித்து வாங்கவேண்டும்.

வாங்கும்போது செய்யத்தக்க சோதனைகள்

முதலாவதாக, துணியை ஒற்றையாக ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். பின்னர் வாயருகே இறுக்கிப் பிடித்து ஊதி, மறுபுறம் வைத்த கையில் எவ்வளவு காற்று படுகிறது என்று இரு துணிகளையும் ஒப்பிடவும். பள்ளிச் சிறுவரும் இதனைச் செய்யலாம்.

இரண்டாவதாக, ஒரு துளி நீர் விடவும். அது விரைவில் பரவி மறையவேண்டும். முத்துப்போல் நின்றால், மென்மைக்காகப் பூசப்பட்ட பூச்சு ஈரத்தைத் தடுக்கிறது என்று பொருள். அந்தத் துணியைப் பலமுறை துவைத்த பின்னரே அதன் இயல்பு தெரியும்.

மூன்றாவதாக, 600, 1000 என்னும் பெரிய எண்களைக் கண்டு மயங்கலாகாது. இரண்டு இழைகளை முறுக்கிய ஒரு நூலை இரண்டாகக் கணக்கிட்டே பல நேரங்களில் அத்தகைய எண் பெறப்படுகிறது. உண்மையிலேயே நூல் நெருங்கியிருந்தாலும் கோடைக்கு அது நன்மையன்று.

நமது விடுதிக்கு 200 எண்ணிக்கையுள்ள பெர்கேலே தக்கது. சாட்டீன் விரிப்புகள் முன்பே வாங்கப்பட்டிருந்தால் அவற்றைக் குளிர்காலத்துக்கென எடுத்து வைக்கலாம். டிசம்பர் இரவுகளில், கோடையில் குறையாக இருந்த அதே நெருக்கம் கதகதப்பைத் தரும்.