வெள்ளிக்கிழமை வரை அவகாசம்

வியாழக்கிழமை மாலை ஆஃபர் லெட்டர் மெயிலில் வருகிறது. திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். ஆனால் இதைவிட மனதுக்குப் பிடித்த இன்னொரு கம்பெனியில் இரண்டு ரவுண்ட் முடிந்து, கடைசி ரவுண்ட் அடுத்த புதன்கிழமைதான் இருக்கிறது. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் நான்கு வருட அனுபவமுள்ள ஒரு டெஸ்டிங் இன்ஜினியர் இந்த நிலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போதைய வேலையில் அவருக்கு 60 நாள் நோட்டீஸ் பீரியட்.

இந்த இடத்தில் பலரும் பயந்துபோய் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். இல்லையென்றால் திங்கள் மாலை ஐந்தரை மணி வரை பேசாமல் இருந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் டைம் வேணும்" என்று ஹெச்.ஆருக்குப் போன் செய்கிறார்கள். இரண்டாவது வழியில் கேட்டது தவறில்லை, கேட்ட நேரம்தான் தவறு. ஹெச்.ஆர். ஏன் கெடு வைக்கிறார் என்பது தெரிந்தால் இது புரியும்.

ஒரு இடத்துக்கு ஆள் எடுக்கும்போது முதலில் தேறியவருக்கு ஆஃபர் போகும். அடுத்த நிலையில் இருப்பவருக்கு அநேகமாக எந்தப் பதிலும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். முதல் ஆள் வராவிட்டால் அவரைக் கூப்பிட வேண்டும், அதற்குள் அவரும் வேறு இடம் பார்த்துப் போய்விடக் கூடாது. இரண்டு மூன்று மாத நோட்டீஸ் சாதாரணமாகிவிட்ட நம் ஐ.டி. துறையில் இன்னொரு கவலையும் உண்டு. கையெழுத்துப் போட்டவரே நோட்டீஸ் காலத்தில் வேறு ஆஃபர் தேடிக்கொண்டு, சேர வேண்டிய நாளன்று போனை எடுக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே அவகாசம் கேட்கும் குரல் காதில் விழுந்ததும், 'இவரும் அப்படித்தானோ' என்ற சந்தேகம் ஹெச்.ஆருக்கு வருகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் விதமாகக் கேட்டால் சில நாட்கள் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். இரண்டாவது கம்பெனியில் இப்போதுதான் முதல் ரவுண்ட் என்றால் அவகாசம் கேட்பதில் பயனில்லை. மீதி ரவுண்டுகள், மேனேஜர்களின் கருத்து, சம்பளப் பேச்சு, மேலிட ஒப்புதல் என்று பல வாரங்கள் ஓடிவிடும்; அவ்வளவு நாள் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்த நிலையில் கையில் இருக்கும் ஆஃபரை அதன் தகுதியை வைத்தே முடிவு செய்வதுதான் சரி. கடைசி ரவுண்ட் மட்டும் பாக்கி என்றால்தான் கேட்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

நம் இன்ஜினியருக்குப் பாக்கி இருப்பது கடைசி ரவுண்ட்தான். அவர் முதலில் பேச வேண்டியது ஆஃபர் கொடுத்தவரிடம் அல்ல, இரண்டாவது கம்பெனியிடம். வெள்ளிக்கிழமை காலையே கூப்பிட்டு, "சார், எனக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கு, சீக்கிரம் பதில் சொல்லணும். எனக்கு உங்க கம்பெனியிலதான் சேர ஆசை. ஃபைனல் ரவுண்டை திங்கள் இல்ல செவ்வாய்க்கு மாத்த முடியுமா? முடிஞ்சா, எத்தனை நாள்ல ரிசல்ட் தெரியும்?" என்று கேட்கிறார். இது மிரட்டல் ஆகாது. ஆஃபர் உள்ள ஆள் என்று தெரிந்தால் பல கம்பெனிகள் தேதியை முன்னால் நகர்த்துகின்றன. நகர்த்த மனமில்லாவிட்டால், அங்கே தனக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் அப்போதே ஓரளவு தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை ரவுண்ட், வியாழனுக்குள் முடிவு என்று பதில் வருகிறது. சம்பள விவரம் கைக்கு வர இன்னொரு நாள் ஆகலாம். ஆக, தேவைப்படுவது வெள்ளி வரை.

இப்போதுதான் முதல் கம்பெனியுடன் பேச வேண்டும், அதுவும் அதே வெள்ளிக்கிழமை. முதலில் போன், பிறகு மெயில். மெயிலில் நான்கைந்து வரி போதும்: ஆஃபருக்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது. ஏற்கெனவே கலந்துகொண்டுவரும் ஒரு தேர்வு அடுத்த வாரம் முடிகிறது. அதன்பின் உறுதியான பதில் சொல்ல விரும்புகிறேன். அடுத்த வெள்ளி மாலை வரை அவகாசம் தர முடியுமா? நீங்கள் குறித்த சேரும் தேதியில் மாற்றம் இருக்காது.

கடைசி வாக்கியத்துக்குத்தான் பலம் அதிகம். அதைக் கணக்குப் பார்த்துத்தான் எழுத வேண்டும். லெட்டரில் சேரும் தேதி, ஆஃபர் வந்ததிலிருந்து 75ஆம் நாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வெள்ளி எட்டாம் நாள். அன்று ராஜினாமா கொடுத்தாலும் 60 நாள் நோட்டீஸ் 68ஆம் நாளோடு முடிகிறது. ஒரு வாரம் கையில் மிச்சம் இருக்கிறது. ஹெச்.ஆர். தன் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டியது இந்தத் தேதியைப் பற்றித்தான். அது நகராது என்றால் அவருக்குப் பாதி பாரம் குறைகிறது.

இன்னொரு கம்பெனியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டாலும் மரியாதையாக மறுக்கலாம். ஆனால் பொய்க்காரணம் வேண்டாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால், நலம் விசாரித்து அடுத்த போன் வரும். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் இரண்டு பொய் தேவைப்படும். 'கொஞ்சம் டைம்' என்று தேதி இல்லாமல் கேட்பதும் உதவாது. கேட்பது ஒரே ஒரு முறையாக இருக்கட்டும். முதலில் புதன், பிறகு வெள்ளி, பிறகு திங்கள் என்று நீட்டினால் ஹெச்.ஆர். அடுத்த ஆளைக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்.

போனில் "சரி, எடுத்துக்கோங்க" என்று சொன்னதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. பல கம்பெனிகளில் ஆஃபரை ஒரு இணையதள லிங்க் மூலம்தான் ஏற்க வேண்டும். பழைய கெடு முடிந்ததும் அந்த லிங்க் செயல்படாமல் போகலாம். புதிய தேதியை மெயிலில் வாங்கி, லிங்க்கையும் நீட்டித்துத் தரச் சொல்ல வேண்டும். சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஐந்தாம் பிரிவின்படி, நம் சம்மதம் சொல்லி முடிக்கப்படும்வரை முன்மொழிந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். குறித்த காலம் கடந்தால் முன்மொழிவு தானாகவே முடிந்துவிடும் என்கிறது ஆறாம் பிரிவு. அவகாசம் கேட்கும்போது இந்தச் சிறு ஆபத்தை நாம் ஏற்கிறோம். அதனாலேயே, கையில் வேறு வேலையில்லாதவரும், கிடைத்த ஆஃபரே கனவு என்றிருப்பவரும் அவகாசம் கேட்காமல் ஏற்றுக்கொள்வதே மேல். கல்லூரி வளாகத் தேர்விலும் இதற்கு அநேகமாக இடமில்லை; ஒரு ஆஃபர் வந்தால் வரிசையிலிருந்து விலக வேண்டும் என்பது பல கல்லூரிகளின் விதி.

முடியாது என்று பதில் வந்தால்? சம்மதம் சொல்லிவிட்டு மற்ற இன்டர்வியூவையும் தொடர்ந்து, அது கிடைத்ததும் இதை உதறுவது நம் ஊரில் சாதாரணம். கம்பெனிகளும் ஆட்களைக் காக்கவைத்துக் கைவிடுவதுண்டு என்பார்கள். 2022இல் ஆஃபர் பெற்ற பல புதிய பட்டதாரிகள் மாதக்கணக்கில் சேரும் தேதிக்காகக் காத்திருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த வழியை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் போட்ட கையெழுத்தை நம்பித்தான் அந்த இரண்டாவது ஆளுக்கு 'இடம் இல்லை' என்று எழுதியிருப்பார்கள். அவரும் நம்மைப் போலவே நோட்டீஸ் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவர்.

நம் இன்ஜினியருக்கு முதல் கம்பெனி வெள்ளிக்குப் பதில் வியாழன் மாலை வரை தருகிறது. கேட்டதைவிட ஒரு நாள் குறைத்துத் தருவது சகஜம். செவ்வாய்க்கிழமை ரவுண்ட் நன்றாகப் போகிறது. வியாழன் மதியம், "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, லெட்டர் அடுத்த வாரம் வரும்" என்று இரண்டாவது கம்பெனியிலிருந்து போன். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாய்வார்த்தையை நம்பி எழுத்தில் இருப்பதை விட்டுவிடக் கூடாது. சம்பளம், பதவி, சேரும் தேதி மூன்றையும் இன்று மாலைக்குள் ஒரு மெயிலிலாவது தர முடியுமா என்று அவர் கேட்கிறார். ஆறு மணி வரை மெயில் வரவில்லை. முதல் ஆஃபரை ஏற்கிறார். அன்று இரவே இரண்டாவது கம்பெனிக்கு நன்றி சொல்லி, தேர்விலிருந்து விலகுவதாக எழுதிவிடுகிறார். ராஜினாமா கடிதம் வெள்ளிக்கிழமை காலை போகிறது.