நேர்மாறு விசைகளைக் கொண்டு செங்கோண முக்கோணத்தின் கோணம் காணல்

செங்கோண முக்கோணம் ஒன்றின் ஏதேனும் இரு பக்கங்களின் நீளம் தெரிந்திருந்தால், அதன் குறுங்கோணங்களைக் கோணமானி இன்றியே கணிக்க முடியும். அறிவியல் கணிப்பானில் உள்ள sin⁻¹, cos⁻¹, tan⁻¹ ஆகிய நேர்மாறு விசைகள் இதற்குப் பயன்படுகின்றன. சைன், கோசைன், டேன்ஜெண்ட் ஆகிய சார்புகள் கோணத்தைப் பெற்றுக்கொண்டு பக்கங்களின் விகிதத்தைத் தருகின்றன. நேர்மாறு விசைகள் விகிதத்தைப் பெற்றுக்கொண்டு கோணத்தைத் தருகின்றன.

கணிப்பான்கள் பரவலாவதற்கு முன் இதே வேலை அச்சிட்ட அட்டவணைகளைக் கொண்டு செய்யப்பட்டது. கோணம் தெரிந்தால் அட்டவணையின் ஓரத்தில் கோணத்தைத் தேடி, உள்ளே இருக்கும் விகிதத்தைப் படிப்பர். விகிதம் தெரிந்தால் உள்ளே அந்த எண்ணைத் தேடி, ஓரத்தில் இருக்கும் கோணத்தைப் படிப்பர். நேர்மாறு விசை செய்வது அட்டவணையை இவ்வாறு பின்னோக்கிப் படிப்பதற்கு இணையான செயலே ஆகும்.

விசையைத் தேர்ந்தெடுத்தல்

காண வேண்டிய கோணத்திற்கு எதிரே உள்ளது எதிர்ப்பக்கம். செங்கோணத்திற்கு எதிரே உள்ள மிக நீண்ட பக்கம் கர்ணம். இலங்கைப் பாடநூல்களில் இது செம்பக்கம் எனப்படும். எஞ்சியது அடுத்துள்ள பக்கம் அல்லது அயற்பக்கம். தெரிந்த இரு பக்கங்கள் எவை என்பதைப் பொறுத்து விசை அமைகிறது:

sin⁻¹ (எதிர்ப்பக்கம் ÷ கர்ணம்)
cos⁻¹ (அடுத்துள்ள பக்கம் ÷ கர்ணம்)
tan⁻¹ (எதிர்ப்பக்கம் ÷ அடுத்துள்ள பக்கம்)

எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் என்னும் பெயர்கள் பக்கத்திற்கு நிலையானவை அல்ல. மற்றக் குறுங்கோணத்தைக் காண முற்பட்டால் இவ்விரண்டும் இடம் மாறிவிடும். கர்ணம் மட்டும் மாறாது. எனவே படம் வரைந்து, தேடும் கோணத்தைக் குறித்த பின்னரே பக்கங்களுக்குப் பெயரிடுதல் நன்று.

எடுத்துக்காட்டு: ஒரு சாய்தளம்

சக்கர நாற்காலி ஏறிச் செல்வதற்காக ஒரு வாயிலில் சாய்தளம் கட்டப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அது 25 செ.மீ. உயரம் ஏறுகிறது, தரைமட்டத்தில் அதன் கிடைநீளம் 300 செ.மீ. ஐக்கிய அமெரிக்காவின் 2010 ஆம் ஆண்டு அணுகல் வடிவமைப்புத் தரநிலைகள், பொதுவாகச் சாய்தளத்தின் சரிவு 1:12 ஐ விட மிகக்கூடாது என வரையறுக்கின்றன. 25:300 என்பது சரியாக 1:12 ஆகும். ஆகவே இச்சாய்தளம் எல்லையின் மீதே நிற்கிறது. அது தரையோடு ஆக்கும் கோணம் எவ்வளவு?

உயரம் எதிர்ப்பக்கம், கிடைநீளம் அடுத்துள்ள பக்கம். எனவே tan⁻¹ தேவை. கணிப்பானில் அழுத்த வேண்டிய வரிசை:

```
SHIFT  tan  (  25  ÷  300  )  =
```

விடை 4.763641691 எனத் தோன்றும். அதாவது கோணம் ஏறத்தாழ 4.76 பாகை. SHIFT விசையின் இடத்தில் சில கணிப்பான்களில் 2nd, 2ndF அல்லது INV என்று இருக்கும். விகிதத்தை முதலில் கணித்து, பிறகு நேர்மாறு விசையை அழுத்தும் பழைய வகைக் கணிப்பான்களும் உள்ளன; அவற்றில் 25 ÷ 300 = எனக் கண்ட பின் SHIFT tan அழுத்த வேண்டும்.

விடையில் உள்ள .76 என்பது 76 கலை அன்று. ஒரு பாகைக்கு 60 கலைகளே உள்ளமையால் பதின்மப் பகுதியை 60 ஆல் பெருக்க வேண்டும். கணிப்பானின் °′″ விசை இதைத் தானே செய்து 4°45′49″ எனக் காட்டும்.

மூன்று விசைகள், மூன்று விடைகள்

இதே சாய்தளத்தின் சாய்ந்த பரப்பின் நீளத்தை நாடாவால் அளந்தபோது 301 செ.மீ. கிடைத்தது எனக் கொள்வோம். இப்போது மூன்று பக்கங்களும் தெரியும். எனவே மூன்று விசைகளாலும் கோணத்தைக் காணலாம். மூன்றும் ஒரே விடையைத் தர வேண்டும் என்றே தோன்றும். ஆனால் கிடைப்பது இது:

tan⁻¹ (25 ÷ 300) = 4.76°
sin⁻¹ (25 ÷ 301) = 4.76°
cos⁻¹ (300 ÷ 301) = 4.67°

கணிப்பான் பிழை செய்யவில்லை. பித்தாகரசு தேற்றத்தின்படி கர்ணத்தின் உண்மையான நீளம் 301.04 செ.மீ. அதை 301 எனச் சுருக்கியதால் ஏற்பட்ட அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடே கோசைன் வழியாகப் பெற்ற கோணத்தை ஏறத்தாழ பாகையின் பத்தில் ஒரு பங்கு மாற்றிவிட்டது. நாடா சற்றுத் தளர்ந்து 302 செ.மீ. எனக் காட்டியிருந்தால் cos⁻¹ (300 ÷ 302) என்பது 6.60° என்று வந்திருக்கும். 300 எனப் படித்திருந்தால் கோணம் 0°. அதாவது சரிவே இல்லை. அதே 302 ஐ sin⁻¹ இல் இட்டால் விடை 4.75° ஆகிறது. உயரத்தில் 1 செ.மீ. பிழை நேர்ந்து 26 என எடுத்தாலும் tan⁻¹ தருவது 4.95° தான்.

இதற்குக் காரணம் கோசைன் சார்பின் போக்கு. கோணம் 0° இலிருந்து 5° வரை வளரும்போது டேன்ஜெண்ட் 0 இலிருந்து 0.0875 வரை ஏறுகிறது. கோசைனோ 1 இலிருந்து 0.9962 வரை மட்டுமே இறங்குகிறது. ஐந்து பாகை முழுவதும் கோசைனில் மிகச் சிறிய இடைவெளிக்குள் நெருங்கிக் கிடப்பதால், விகிதத்தில் நேரும் சிறு பிழை கோணத்தில் பெரும் பிழையாக விரிகிறது. கோணம் 90° ஐ நெருங்கும்போது சைனுக்கும் இதே நிலை ஏற்படும்; சுவரில் ஏறத்தாழ நிமிர்ந்து சாய்ந்திருக்கும் ஏணிக்கு உயரத்தையும் ஏணியின் நீளத்தையும் கொண்டு கோணம் காண்பது நம்பத்தக்கதன்று.

இது வெறும் நுணுக்கம் அன்று. மற்றொரு சாய்தளம் 300 செ.மீ. கிடைநீளத்தில் 30 செ.மீ. ஏறுகிறது என்க. அதன் சரிவு 1:10, கோணம் 5.71°, எல்லையை மீறியது. அதன் சாய்ந்த நீளம் ஏறத்தாழ 301.5 செ.மீ. அளப்பவர் அதை 301 எனக் குறித்துக்கொண்டு cos⁻¹ விசையை அழுத்தினால் 4.67° என வரும். சாய்தளம் தகுதியானது எனத் தாளில் பதிவாகிவிடும். ஏறமுடியாமல் திணறுவது நாற்காலியில் அமர்ந்திருப்பவரே. சரிவு சிறிதாக இருக்கும்போது உயரத்தை அளந்து tan⁻¹ அல்லது sin⁻¹ ஐப் பயன்படுத்துவதே முறை.

அலகு முறையால் நேரும் பிழை

கணிப்பான்கள் கோணத்தைப் பாகை, ரேடியன், கிரேடியன் ஆகிய மூன்று அலகுகளில் தரக்கூடியன. திரையின் மேற்பகுதியில் DEG, RAD, GRAD என்றோ D, R, G என்றோ சிறிய எழுத்தில் இது காட்டப்படும். கணிப்பான் எந்த முறையில் இருந்தாலும் எச்சரிக்கை எதுவும் தராது. எண்ணை மட்டும் மாற்றித் தரும். மேற்கண்ட சாய்தளத்துக்கு RAD முறையில் 0.0831 எனவும், GRAD முறையில் 5.29 எனவும் விடை வரும்.

இவற்றுள் ரேடியன் பிழையை எளிதில் கண்டுபிடிக்கலாம். 25 ÷ 300 இன் மதிப்பு 0.0833, விடை 0.0831. சிறிய கோணங்களில் ரேடியன் அளவும் டேன்ஜெண்ட் மதிப்பும் ஏறத்தாழச் சமம் ஆகையால், உள்ளிட்ட விகிதமே சற்று மாறித் திரும்பி வந்ததுபோல் தோன்றினால் கணிப்பான் RAD முறையில் உள்ளது எனக் கொள்ளலாம். GRAD முறையே உண்மையில் ஏமாற்றக்கூடியது. செங்கோணத்தை 100 கிரேடியனாகப் பகுக்கும் இம்முறையில் 5.29 என்பது நம்பத்தக்க விடையாகவே தோற்றமளிக்கும். எல்லைக்குள் இருக்கும் சாய்தளம் எல்லை மீறியதாகக் கருதப்படும். கணக்கைத் தொடங்கும் முன் tan⁻¹ 1 ஐ அழுத்திப் பார்ப்பது போதுமான சோதனை: 45 வந்தால் பாகை, 0.785 வந்தால் ரேடியன், 50 வந்தால் கிரேடியன்.

சில கைபேசிக் கணிப்பான் செயலிகளில் பொத்தானின் மீது Rad என எழுதியிருப்பது இப்போதைய முறையை அன்று, அழுத்தினால் மாறக்கூடிய முறையைக் குறிக்கும். அங்கும் இதே சோதனை ஐயத்தைத் தீர்க்கும். விரிதாள் மென்பொருள்களில் உள்ள ATAN எப்போதும் ரேடியனிலேயே விடை தருவதால், அங்கு

```
=DEGREES(ATAN(25/300))
```

என எழுத வேண்டும்.

விசை அழுத்துவதில் நேரும் பிழைகள்

அடைப்புக்குறி இடாமல் tan⁻¹ 25 ÷ 300 என அழுத்தினால், பல கணிப்பான்கள் முதலில் 25 இன் நேர்மாறு டேன்ஜெண்ட்டைக் கண்டு (87.71), அதை 300 ஆல் வகுத்து 0.292 எனத் தரும். பின்னமாகவே உள்ளிடும் வசதியுள்ள கணிப்பான்களில் இத்தொல்லை குறைவு.

பக்கங்களை இடம் மாற்றிவிட்டால் விளைவு விசைக்கு விசை வேறுபடும். sin⁻¹ (301 ÷ 25) என அழுத்தினால் கணிப்பான் Math ERROR எனக் காட்டும். கர்ணமே மிக நீண்ட பக்கம் ஆகையால் சைனும் கோசைனும் 1 ஐ மீறுவதில்லை. ஒரு பக்கத்தைச் சென்டிமீட்டரிலும் மற்றதை மீட்டரிலும் இட்டாலும் இதே செய்தி வரக்கூடும். ஆனால் tan⁻¹ எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளும். tan⁻¹ (300 ÷ 25) என்பது தயங்காமல் 85.24° எனத் தரும். இது முக்கோணத்தின் மற்றக் குறுங்கோணம். சிறிய பக்கத்திற்கு எதிரே சிறிய கோணமே இருக்கும் என்பதை நினைவிற்கொண்டு படத்தோடு ஒப்பிட்டால் பிழை வெளிப்படும்.

குறியீட்டிலும் ஒரு குழப்பம் உண்டு. tan⁻¹ இல் உள்ள -1 அடுக்கைக் குறிப்பதன்று. Tan⁻¹ x என்பது 1 ÷ tan x ஆகாது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் சான் எர்செல் 1813 இல் பயன்படுத்திய இக்குறியீடு அன்றிலிருந்தே இக்குழப்பத்தையும் உடன் கொண்டுவந்துள்ளது. 1972 இல் வெளிவந்த HP-35 கணிப்பானில் இதற்கென arc என்ற விசை இருந்தது; அதுவே தெளிவான பெயர் எனலாம். இன்றைய கணிப்பான்களில் x⁻¹ என்ற தனி விசையும் உள்ளது. tan விசையையும் அதையும் சேர்த்துப் பயன்படுத்தினால் சாய்தளத்தின் கோணம் 687.5 என வரும். செங்கோண முக்கோணத்தின் குறுங்கோணம் 90° ஐ மீற முடியாது.

முறையின் எல்லை

முக்கோணத்தில் உண்மையாகவே செங்கோணம் இருந்தால் மட்டுமே இம்முறை பொருந்தும். தரை கிடைமட்டமாக இல்லாத இடத்தில் தரையின் வழியே அளந்த நீளத்தை அடுத்துள்ள பக்கமாகக் கொள்ள இயலாது. அத்தகைய இடங்களில் நீர்மட்டம் வைத்துக் கிடைநீளத்தைத் தனியே அளக்க வேண்டும். அல்லது மூன்று பக்கங்களையும் அளந்து கோசைன் விதியைப் பயன்படுத்த வேண்டும். அவ்விதியிலும் கடைசியில் அழுத்த வேண்டியது cos⁻¹ விசையே ஆகையால், சிறு கோணங்களுக்கு மேலே கூறிய குறை அங்கும் தொடரும்.