ஒரு சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் 37

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி 1,00,000 ரூபாய்க்கு நூல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கெடு 30 நாள். இருபதாம் நாளே கட்டினால் ஒரு சதவீதம் தள்ளுபடி. ‘ஆயிரம் ரூபாய்தானே’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

கணக்கை இப்படிப் பாருங்கள். இருபதாம் நாள் கட்ட வேண்டியது 99,000. அந்தப் பணத்தைப் பத்து நாள் கையில் வைத்திருக்க நாம் தரும் வாடகை 1,000. ஆயிரத்தை 99,000-ஆல் வகுத்தால் 1.01 சதவீதம், லட்சத்தால் வகுப்பது தவறு, நம் கையில் இருப்பது 99,000தான். ஆண்டுக்கு 36.5 பத்து நாட்கள். பெருக்கினால் கிட்டத்தட்ட 36.9 சதவீதம்!

பணம் இல்லாவிட்டாலும் 12 சதவீத ஓவர் டிராஃப்டில் எடுத்துக் கட்டலாம். பத்து நாள் வட்டி சுமார் 325 ரூபாய்; மிச்சம் 675.

ஆனால் வழக்கமாக 45ஆம் நாள்தான் கட்டுகிறீர்கள், நூல்காரரும் வட்டி கேட்பதில்லை என்றால், முந்துவது 25 நாள். லாபம் 14.7 சதவீதமாக இறங்கிவிடும். நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான்.