மூன்று புள்ளிகளுக்குள் என்ன இருக்கிறது?

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர் என்றொரு வேலை உண்டு. ஒரு பக்கம் வெளிநாட்டு பையர், மறுபக்கம் தையல் யூனிட், சாயப்பட்டறை, பேக்கிங். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் அவர். நாள் முழுக்க மெயிலும் சாட்டும்தான். சாம்பிள் தாமதமாகும் ஒரு நாளில் அப்படி ஒருவர் பையருக்கு அனுப்பக்கூடிய செய்தியைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சாம்பிள் கொஞ்சம் தாமதமாகும்... டையிங்கில் ஒரு சின்னப் பிரச்சினை... சீக்கிரம் அனுப்பிவிடுகிறோம்!! 🙏😊"

எழுதியவர் மனதில் இருப்பது பணிவும் அக்கறையும். நேரில் சொல்லியிருந்தால் குரலை இறக்கி, கொஞ்சம் தயங்கி, லேசாகச் சிரித்துச் சமாதானப்படுத்தியிருப்பார். அந்தத் தயக்கம்தான் புள்ளிகளாகியிருக்கிறது, சிரிப்புதான் இமோஜியாகியிருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் அதைத் திறக்கும் பையருக்கு இது எதுவும் கேட்காது. எத்தனை நாள் தாமதம்? டையிங்கில் என்ன பிரச்சினை? எந்தத் தேதியில் அனுப்புவார்கள்? மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லை. போதாததற்கு, சரக்கு தாமதம் என்று சொல்லிவிட்டு ஒரு சிரித்த முகம்.

இதையே இப்படி எழுதலாம்: "சாயம் ஏற்றிய துணியின் நிறம், நீங்கள் ஒப்புதல் தந்த லேப் டிப்புடன் பொருந்தவில்லை. மறுபடியும் சாயம் ஏற்றுகிறோம். சாம்பிள் வியாழனுக்குப் பதில் திங்களன்று கூரியரில் கிளம்பும். தாமதத்துக்கு வருந்துகிறோம்."

புள்ளிகளை நீக்கிவிட்டு முற்றுப்புள்ளி வைத்ததால் மட்டும் இந்த மெயில் சரியாகிவிடவில்லை. முதல் புள்ளிகளின் இடத்தில் ஒரு கிழமை வந்திருக்கிறது. இரண்டாவது புள்ளிகளின் இடத்தில் ஒரு காரணம் வந்திருக்கிறது. ஆச்சரியக்குறியும் இமோஜியும் சுமந்த மன்னிப்பை ஒரு வாக்கியம் வெளிப்படையாகச் சொல்கிறது. அலுவலகக் கடிதத்தில் இந்தக் குறிகள் பொறுப்பின்மையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: சொல்ல வேண்டிய தகவல் விடுபட்ட இடத்தில் அவை உட்கார்ந்திருக்கின்றன.

எழுதுபவருக்கு ஏன் இது தெரிவதில்லை? ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் சொல்லச் சொன்னார்கள், சிலருக்கு மெயிலில், சிலருக்குக் குரலில். நூற்றுக்கு 78 முறை எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்று இரு தரப்புமே நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் சுமார் 73 முறை சரியாகச் சொன்னார்கள். மெயிலில் படித்தவர்கள் 56 முறைதான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வந்துவிடும். தட்டச்சு செய்யும்போது நம் குரல் நம் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது திரையில் ஏறவில்லை என்பது நமக்கு உறைப்பதில்லை.

இந்த மூன்று குறிகளில் அதிகம் சேதம் செய்வது மூன்று புள்ளிதான். ஆச்சரியக்குறியையும் இமோஜியையும் தெரிந்தே போடுகிறோம். புள்ளிகளோ விரல் பழக்கத்தில் வந்து விழுகின்றன.

அலுவலகங்களில் வயது இடைவெளி பெரிதாகப் பேசுவதும் இங்கேதான். மொழியியலாளர் கிரெட்சன் மெக்கல்லக் 2019-இல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கியிருக்கிறார். கடிதமும் அஞ்சலட்டையும் எழுதிப் பழகிய தலைமுறைக்கு, புள்ளிகள் ஒரு எண்ணத்தையும் அடுத்த எண்ணத்தையும் பிரிக்கும் சாதாரண இடைவெளி. அட்டையில் இடம் குறைவு, புதுப் பத்தி தொடங்க முடியாது. சாட்டிலேயே வளர்ந்தவர்கள் அந்த வேலைக்கு வரியை முடித்து 'செண்ட்' அழுத்திவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிரிப்பதற்குப் புள்ளி தேவையே இல்லை. அதனால் ஒருவர் மெனக்கெட்டு மூன்று புள்ளி வைத்திருந்தால், சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று அதற்குள் இருப்பதாகத்தான் படிக்கிறார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய மேனேஜர் ஒருவர் மாலை ஆறரைக்கு, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு டீம்ஸில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ரிப்போர்ட் பார்த்தேன்மா... நாளைக்குக் காலையில் பேசலாம்..." அவருக்கு இது அன்பான, அவசரமில்லாத ஒரு வரி. அவளுக்கோ அன்றைய தூக்கம் போய்விடும். ரிப்போர்ட்டில் எது தப்பு, வேலைக்கே ஆபத்தா என்று இரவு முழுக்க ஓடும். மேனேஜர் நினைத்தது, இரண்டாம் பக்க அட்டவணையில் ஒரு கூட்டல் திருத்த வேண்டும் என்பது மட்டும். "ரிப்போர்ட் நல்லா வந்திருக்கும்மா. ரெண்டாம் பக்க அட்டவணையில் ஒரு கூட்டல் மட்டும் சரிபார்க்கணும். காலையில் பத்து நிமிஷம் பேசலாம்" என்று எழுத அவருக்கு இருபது விநாடி கூடுதலாகியிருக்கும்.

நம் ஊர்ப் புள்ளிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. "சார்... ஒரு சின்ன விஷயம்..." என்று மேலதிகாரிக்கு எழுதும்போது அது மரியாதை. நேரடியாகக் கேட்டால் அதட்டலாகிவிடுமோ என்ற கூச்சம். தமிழ் அலுவலகத்துக்குள் இது புரிந்துவிடும், பிழை சொல்வதற்கில்லை. ஆனாலும் "சின்ன விஷயம்" என்ன என்பதை அதே செய்தியில் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலதிகாரி "சொல்லுங்க" என்று பதில் போடும்வரை இருவருமே காத்திருப்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் இந்தக் கூச்சப் புள்ளிகளை முழுவதுமாக எடுத்துவிடுவது நல்லது. அங்கே அவை அதிருப்தியாகவோ அரைகுறை வேலையாகவோ படிக்கப்படும்.

புள்ளிகளை எடுத்த இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மெயிலில் தாராளமாக வைக்கலாம். ஒற்றைச் சொல் சாட்டில் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது போல ஆகிவிடும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், குறுஞ்செய்தியில் வந்த ஒற்றைச் சொல் பதில் முற்றுப்புள்ளியோடு முடிந்தபோது அதில் மனப்பூர்வம் குறைவாகத் தெரிந்தது. அதே பதிலைக் கையெழுத்துச் சீட்டில் பார்த்தபோது வேறுபாடே இல்லை. ஆகவே சாட்டில் "சரி" என்று மட்டும் சொல்வதானால் எதையும் வைக்காமல் அனுப்பலாம். இன்னும் நல்லது, "சரி, மதியத்துக்குள் அனுப்புகிறேன்" என்பது.

ஆச்சரியக்குறிக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. பெயர் ஆச்சரியக்குறியானாலும் அலுவலக எழுத்தில் அது ஆச்சரியத்துக்காக வருவது குறைவு. கரோல் வாசலெஸ்கி 2006-இல் வெளியிட்ட ஆய்வில் மின்னஞ்சல் உரையாடல்களிலிருந்து 200 ஆச்சரிய வாக்கியங்களை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவை உணர்ச்சிவசப்பட்டவை அல்ல. நட்பைக் காட்டவோ, ஒரு தகவலை அழுத்திச் சொல்லவோ வந்தவை.

அதனால் "உதவிக்கு மிக்க நன்றி!", "புதிய பொறுப்புக்கு வாழ்த்துகள்!" போன்ற இடங்களில் ஒரு குறி இயல்பாக உட்காரும். வேலை கேட்கும் வாக்கியத்தில்தான் அது குணம் மாறுகிறது. "இன்று மாலைக்குள் அனுப்பவும்!" என்பதில் நட்பு தெரியவில்லை, "இங்கே குப்பை கொட்டாதீர்!" என்ற சுவரெழுத்தின் அதட்டல்தான் தெரிகிறது. கெட்ட செய்தியில் அது போலி உற்சாகமாகிவிடும். எண்ணிக்கையும் முக்கியம். ஒரு மெயிலுக்கு ஒன்று போதும். எல்லா வரியும் "!" என்று முடியும் மெயிலில், நிஜமாகவே மகிழ்ந்து எழுதிய வரி எது என்று யாருக்கும் தெரியாது.

இமோஜியை வேலை இடத்துக்கு ஒவ்வாத விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் அதன் முன்னோடி பிறந்த இடத்தை அறிந்தால் வியப்பார்கள். 1982-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையின் மின் அறிவிப்புப் பலகையில், ஒரு லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் வேடிக்கையாக எழுதியதைச் சிலர் உண்மையான அபாய அறிவிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சர்ச்சையைத் தொடர்ந்து, வேடிக்கையை அடையாளம் காட்ட :-) என்று போடலாம் என ஸ்காட் ஃபால்மன் செப்டம்பர் 19 அன்று யோசனை சொன்னார். சக ஊழியர்களிடையே தவறான புரிதலைத் தடுக்க வந்த கருவி அது.

ஆனால் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களிடையே வேலை செய்வது அறியாதவர்களிடம் செய்வதில்லை. இஸ்ரேல், நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்த அலுவல் மெயிலில் சிரித்த முகம் இருந்தபோது, படித்தவர்கள் அவரைத் திறமை குறைந்தவராக மதிப்பிட்டார்கள். அன்பானவர் என்ற எண்ணமும் கூடவில்லை. பதில் எழுதியபோது தகவலையும் குறைவாகத்தான் தந்தார்கள். எனவே முதல் மெயிலில் இமோஜி வேண்டாம். எதிராளி ஒரு தடவை போட்ட பிறகு நாமும் போடலாம்.

இருப்பதிலேயே கவனமாகக் கையாள வேண்டியது 👍. "அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் சார், இரண்டு நாள் லீவு வேண்டும்" என்ற செய்திக்கு 👍 போடும் அதிகாரி லீவு தந்துவிட்டதாக நினைக்கிறார். அனுப்பியவர் மனதில் விழுவது அதன் வறட்சி. "பார்த்தேன்", "சரி", "சம்மதம்" ஆகிய மூன்றும் அந்த ஒரே கட்டைவிரலுக்குள் கிடக்கின்றன.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இதற்கு ஒரு விவசாய நிறுவனம் பெரிய விலை கொடுத்தது. 2021-இல் தானியக் கொள்முதல் நிறுவனம் ஒன்று ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதி செய்யும்படி கேட்டு விவசாயியின் கைபேசிக்கு அனுப்பியது. அவர் 👍 அனுப்பினார். சரக்கு தர வேண்டிய நவம்பருக்குள் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. விதை வரவில்லை. ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்பதற்காகத்தான் கட்டைவிரலைக் காட்டினேன், பிறகு படித்துப் பார்க்க நினைத்தேன் என்றார் விவசாயி. நீதிபதி இருவரின் பழைய செய்திகளைப் புரட்டினார். முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் "சரி" என்பதுபோல் ஓரிரு சொல்லில் பதில் அனுப்பி, சரக்கையும் கொடுத்திருந்தார். அதே வழக்கத்தில் வந்த 👍 கையெழுத்துக்குச் சமம் என்று 2023-இல் தீர்ப்பானது. இழப்பீடு 82,000 கனடா டாலருக்கு மேல். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024-இல் அதைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் உறுதி செய்தது.

விலை, தேதி, அளவு, கையெழுத்து ஆகியவை உள்ள செய்திக்கு எழுத்தில் பதில் சொல்வதற்கு அதிக நேரம் ஆகாது. "கிடைத்தது, இன்னும் படிக்கவில்லை, நாளை மதியத்துக்குள் பதில் சொல்கிறேன்" என்ற வரி அந்த விவசாயி சொல்ல நினைத்ததாகக் கூறிய அவ்வளவையும் சொல்லிவிடும். மதியம் மூன்று மணிக்கு மீட்டிங் அறை மாறியிருக்கிறது என்ற அறிவிப்புக்கு 👍 தாராளமாகப் போடலாம்.